சாவி யார் கையில், பொறுப்பு யார் தலையில்?

1998 ஆகஸ்ட் 1, இரவு 11 மணி. டெல்லி தாஜ்மகால் ஹோட்டல் வாசலில் ஒரு மாருதி ஜென் வந்து நிற்கிறது. காரில் வந்தவர் வாலே பார்க்கிங் ஊழியரிடம் வண்டியையும் சாவியையும் கொடுத்துவிட்டு, டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார். இரவு 1 மணிக்குத் திரும்பி வந்து டோக்கனை நீட்டினால், வண்டி இல்லை. வேறொருவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார் என்கிறார்கள்.

நடந்தது இதுதான். மூன்று இளைஞர்கள் தங்கள் காரில் அதே ஹோட்டலுக்கு வந்திருக்கிறார்கள். சற்று நேரம் கழித்து வெளியே வந்து, தங்கள் வண்டியை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். ஊழியர் அந்த வேலையில் இருந்தபோது, சாவிகள் வைத்திருந்த மேஜையிலிருந்து மாருதி ஜென்னின் சாவியை அவர்களில் ஒருவர் எடுத்துக்கொண்டார். நேராகப் பார்க்கிங்குக்குப் போய் வண்டியைக் கிளப்பினார். வாசலில் காவலர் சீட்டைக் கேட்டதும் நிறுத்தாமல் பறந்துவிட்டார். போலீஸில் புகார் பதிவானது. கார் கடைசி வரை கிடைக்கவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனி உரிமையாளருக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் கொடுத்தது. பிறகு அந்தப் பணத்தைத் திரும்பப் பெற, உரிமையாளரையும் சேர்த்துக்கொண்டு ஹோட்டல் மீது நுகர்வோர் வழக்குப் போட்டது. மாநில ஆணையம், தேசிய ஆணையம் என்று படியேறிய வழக்கில் 2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: ஹோட்டல்தான் பொறுப்பு. இன்று உங்கள் கார் சர்வீஸ் சென்டரில் அடிபட்டாலும், கல்யாண மண்டப வாசலில் காணாமல் போனாலும், பேச்சு இந்தத் தீர்ப்பிலிருந்துதான் தொடங்கும்.

'உரிமையாளர் பொறுப்பில்' என்ற வரி

ஹோட்டலின் முக்கியமான வாதம் டோக்கனில் அச்சிட்டிருந்த நிபந்தனை. விருந்தினர் கேட்டுக்கொண்டதால் அவருடைய சொந்தப் பொறுப்பில் வண்டி நிறுத்தப்படுகிறது, திருட்டோ சேதமோ நடந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல, எந்த உரிமையும் கோர முடியாது என்பது அதன் சாரம். இதே வரி இன்று ஓட்டல் டோக்கனிலும், ஒர்க் ஷாப்பில் நீட்டும் ஜாப் கார்டின் பின்பக்கத்திலும் பொடி எழுத்தில் இருக்கும். பெரும்பாலோர் அதைப் பார்த்ததும், 'கையெழுத்துப் போட்டாச்சு, இனி என்ன செய்ய முடியும்' என்று அடங்கிவிடுகிறார்கள்.

உச்ச நீதிமன்றம் அந்த வரியை அப்படி ஏற்றுக்கொள்ளவில்லை. சாவியைக் கையில் வாங்கி, வண்டியைத் தன் வசம் எடுத்துக்கொண்ட பிறகு, கேட்கும்போது அதே நிலையில் திருப்பித் தரும் கடமை ஹோட்டலுக்கு வந்துவிடுகிறது. தன் ஊழியரின் கவனக்குறைவால் வந்த நஷ்டத்திலிருந்து ஒரு பொடி எழுத்து நிபந்தனையைக் காட்டி அது கழன்றுகொள்ள முடியாது. 'பார்க்கிங் இலவசம்தானே' என்ற வாதமும் எடுபடவில்லை. அறை வாடகையிலும் சாப்பாட்டு பில்லிலும் அந்தச் சேவைக்கான விலையும் அடங்கியிருக்கிறது என்றது நீதிமன்றம்.

இதற்கு அடிப்படை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். ஒரு காரியத்துக்காக ஒரு பொருளை இன்னொருவரிடம் ஒப்படைக்கிறோம், காரியம் முடிந்ததும் அவர் திருப்பித் தர வேண்டும் என்றால், அந்த உறவை 148ஆவது பிரிவு வரையறுக்கிறது. 151ஆவது பிரிவு எவ்வளவு கவனம் வேண்டும் என்று சொல்கிறது: சாதாரண அறிவுள்ள ஒரு மனிதர், அதே மதிப்புள்ள தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அந்த அளவு. அதைவிடக் கூடுதலாகவும் வேண்டாம், குறைவாகவும் கூடாது. அந்த அளவு கவனம் எடுத்தும் பொருள் கெட்டுப்போனால், தனி ஒப்பந்தம் எதுவும் இல்லாதபட்சத்தில், ஒப்படைக்கப்பட்டவர் பொறுப்பல்ல என்கிறது 152.

கவனமாக இருந்தார்களா இல்லையா என்பதை யார் நிரூபிக்க வேண்டும்? வழக்கின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். இரவு 12 மணிக்கு ஒர்க் ஷாப்புக்குள் என்ன நடந்தது என்று வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த உரிமையாளருக்கு எப்படித் தெரியும்? அதனால் முதல் பாரத்தை நீதிமன்றம் வண்டியை வைத்திருந்தவர் மேல் வைத்தது. வண்டியைக் கொடுத்தேன், திரும்பி வரவில்லை அல்லது அடிபட்டு வந்தது என்பதை நீங்கள் காட்டினால் போதும். தன் கவனக்குறைவால் அது நேரவில்லை என்று விளக்க வேண்டியது அவர்கள். அந்த விளக்கத்தைத் தந்த பிறகுதான் டோக்கனில் உள்ள நிபந்தனைக்கே வேலை வரும். டெல்லி ஹோட்டலால் அதைத் தர முடியவில்லை. சாவிகள் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி மேஜையில் கிடந்தன. வேறென்ன சொல்ல முடியும்?

சாவி கொடுக்காத இடம் வேறு

கட்டணம் கட்டி, நீங்களே ஓட்டிப்போய் நிறுத்தி, பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போகும் இடத்தில் நிலைமை மாறுகிறது. அங்கே நிறுத்த இடம்தான் தருகிறார்கள், வண்டி அவர்கள் வசம் போவதில்லை. உள்ளே போகும் வண்டிக்குச் சீட்டுக் கொடுத்து, சீட்டைக் காட்டாமல் எந்த வண்டியையும் வெளியே விடமாட்டோம் என்ற ஏற்பாடு இருந்தால் வாதாட இடமுண்டு. ஆனால் சாவி கொடுத்த வழக்கின் பலம் அதற்கு இல்லை.

சாவி கொடுத்தால் எல்லாமே கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஹோட்டல்காரர் எந்த நஷ்டத்துக்கும், தவறே செய்யாவிட்டாலும் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. காவலாளியைக் கட்டிப்போட்டு, பூட்டை உடைத்துக் கும்பல் ஒன்று கொள்ளையடித்தால், நியாயமான பாதுகாப்பு இருந்தது என்று காட்டி ஒர்க் ஷாப் தப்பிக்கலாம். நீங்கள் சொல்லாமல் டேஷ்போர்டில் விட்டுவந்த நகைக்கும் ரொக்கத்துக்கும் அவர்களிடம் கேட்பது கடினம்.

வெள்ளம்தான் இதில் சிக்கலான இடம். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் வந்தது இயற்கையின் செயல் என்பது உண்மை. ஆனால் அந்த மழைக்கு முன்னறிவிப்பு வந்திருந்தது. அப்படி எச்சரிக்கை வந்த பிறகும் வாடிக்கையாளர் வண்டியைத் தரைக்கடியிலுள்ள தளத்திலேயே விட்டுவைத்தால், தன் சொந்த வண்டியை ஒரு சாதாரண மனிதர் அங்கே விட்டுவைத்திருப்பாரா என்ற கேள்வி எழும். இன்னொரு கோணமும் உண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 161ஆவது பிரிவுப்படி, தன் தவறால் சொன்ன நேரத்தில் பொருளைத் திருப்பித் தராதவர், அந்த நேரத்துக்குப் பிறகு வரும் நஷ்டத்துக்கும் பொறுப்பு. வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று ஜாப் கார்டில் எழுதியவர், வேலையைத் தள்ளிப்போட்டு, திங்கட்கிழமை வெள்ளத்தில் வண்டியை மூழ்கவிட்டால் புயல் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. டெலிவரி தேதியை ஜாப் கார்டில் எழுதி வாங்குவதற்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

ட்ரையல் போன வண்டி

ஒர்க் ஷாப்பில் திருட்டைவிட அதிகம் நடப்பது உரசலும் மோதலும்தான். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மதுரையில் ஓர் ஆசிரியை தன் காரை 40,000 கிலோமீட்டர் சர்வீஸுக்கு விடுகிறார். பிரேக் பார்த்த பிறகு மெக்கானிக் ட்ரையல் ஓட்டுகிறார், மீடியனில் மோதுகிறார். முன் பம்பர், இடது ஹெட்லைட், ஃபெண்டர் போயிற்று. 38,000 ரூபாய் எஸ்டிமேட். மாலையில் போன் வருகிறது. "மேடம், சின்னதா ஒரு டச் ஆயிடுச்சு. கவலைப்படாதீங்க, இன்சூரன்ஸ்ல போட்டுரலாம். உங்களுக்குச் செலவே கிடையாது."

செலவே கிடையாதா? அவருடைய பாலிசியில் சொந்த சேதத்துக்கான பிரீமியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் க்ளெய்ம் இல்லாததால் 35 சதவீதம் நோ க்ளெய்ம் போனஸ் வாங்கிக்கொண்டிருக்கிறார். க்ளெய்ம் செய்யாமல் விட்டால் அடுத்த வருடம் அது 45, பிறகு 50 சதவீதம் ஆகும். க்ளெய்ம் செய்தால் அடுத்த வருடம் பூஜ்யம், அதற்கடுத்து 20, பிறகு 25. பிரீமியம் மாறாமல் இருந்தால் முதல் வருடம் 5,400, இரண்டாம் வருடம் 3,600, மூன்றாம் வருடம் 3,000 ரூபாய். மொத்தம் 12,000 ரூபாய் அவர் கையிலிருந்து போகிறது. இது தவிர 1500 சி.சி. வரையுள்ள காருக்கு ஒவ்வொரு க்ளெய்மிலும் 1,000 ரூபாய் கட்டாயப் பிடித்தம். ஜீரோ டெப் எடுக்காத பாலிசியானால் பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் பாதியை அவரே தர வேண்டும். யாரோ செய்த தவறுக்கு அவர் தண்டம் கட்டுகிறார். ஒர்க் ஷாப்போ பழுது பார்த்த கூலியையும் இன்சூரன்ஸிலிருந்து வாங்கிக்கொள்கிறது.

இங்கே அவர் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான். "என் பாலிசியில் க்ளெய்ம் போட நான் சம்மதிக்கவில்லை. வண்டி உங்கள் வசம் இருந்தபோது உங்கள் ஆள் ஓட்டி அடிபட்டது. உங்கள் செலவில் சரிசெய்து தாருங்கள்." இதை வாயால் சொல்வதோடு விடாமல் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அனுப்ப வேண்டும். பல ஒர்க் ஷாப்களிடம் வாடிக்கையாளர் வண்டிகளுக்கென்றே தனி இன்சூரன்ஸ் இருக்கும். அதில் க்ளெய்ம் போடுவது அவர்கள் பாடு. தனியார் காருக்கான வழக்கமான பாலிசியில் மோட்டார் வியாபாரம் தொடர்பான உபயோகத்துக்கு விலக்கு இருப்பதால், மெக்கானிக் ஓட்டிய விபத்துக்கு உங்கள் கம்பெனியே கேள்வி எழுப்பவும் வாய்ப்பிருக்கிறது.

ட்ரையலுக்கு எடுத்தது உண்மையில் ட்ரையலுக்குத்தானா என்பதும் முக்கியம். வேலைக்குக் கொடுத்த வண்டியை ஊழியர் தன் சொந்தக் காரியத்துக்கு எடுத்துப்போனால், 154ஆவது பிரிவு இன்னும் கடுமையாகிறது. ஒப்புக்கொண்ட காரியத்துக்கு வெளியே பயன்படுத்தியபோதும், பயன்படுத்தியதாலும் வரும் சேதத்துக்கு ஈடு தர வேண்டும். கவனமாகத்தான் ஓட்டினேன் என்ற சமாதானம் அங்கே செல்லாது. இதைப் பிடிக்க எளிய வழி கிலோமீட்டர் கணக்கு. விடும்போது ஜாப் கார்டில் 40,112 என்று எழுதி, எடுக்கும்போது 40,171 காட்டினால், 59 கிலோமீட்டர் எங்கே போனது என்று கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. பிரேக் சரிபார்க்க அவ்வளவு தூரம் ஓட்டத் தேவையில்லை.

ட்ரையலில் வழியில் போனவர் மேல் மோதிவிட்டால்? அடிபட்டவரின் இழப்பீட்டை உரிமையாளரின் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் ஏற்க வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டிலேயே குரு கோவேகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிலும் ரிப்பேருக்கு விட்ட கார்தான், ஓட்டியது உரிமையாளர் அல்ல. அதனால் மூன்றாம் நபர் பாலிசி காலாவதியான வண்டியை ஒர்க் ஷாப்பில் விடுவது, சேதத்தைவிடப் பெரிய வில்லங்கத்துக்கு வழி.

கொடுக்கும்போதும் எடுக்கும்போதும்

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் சாவி கைமாறும் ஐந்து நிமிடத்தில் தீர்மானமாகிவிடுகிறது. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து போனில் வீடியோ எடுங்கள். நான்கு பக்கமும், கண்ணாடிகளும், மீட்டரில் கிலோமீட்டரும் பெட்ரோல் அளவும், டிக்கியில் ஸ்டெப்னியும் ஜாக்கியும் அதில் வர வேண்டும். சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டில் ஏற்கெனவே உள்ள கீறல்களைக் குறிப்பார். கீறலே இல்லாத பக்கத்திலும் சிலர் அவசரமாக வட்டம் போட்டுவிடுவார்கள். கையெழுத்துக்கு முன் அந்தப் படத்தை ஒரு தடவை பாருங்கள். எத்தனை சாவி கொடுத்தீர்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். வண்டி திருடுபோனால் இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு சாவியையும் கேட்கும். ஒன்று ஒர்க் ஷாப்பில் இருந்தது என்று காட்ட அந்த ஒரு வரிதான் உங்களைக் காப்பாற்றும்.

ஓட்டல் வாசலில் இவ்வளவுக்கு நேரம் இருக்காது. டோக்கன் இல்லாமல் சாவி கொடுக்காதீர்கள், டோக்கனை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாலே ஆட்கள் பெரும்பாலும் வெளி ஏஜென்சிக்காரர்கள். 'எங்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை' என்று ஓட்டல்காரர் பிறகு சொல்வார். வாசலில் அவரை நிறுத்தி வைத்தது ஓட்டல், அங்கே சாப்பிட வந்ததால்தான் நீங்கள் சாவி கொடுத்தீர்கள். புகார் கொடுக்கும்போது இருவரையும் சேர்த்தே எதிர்த்தரப்பாகப் போடுங்கள்.

எடுக்கும்போது சேதத்தைப் பார்த்தால், வளாகத்தை விட்டு வண்டியை வெளியே எடுக்கும் முன்பே எழுதிக்கொடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன் என்றால், வழியில் பட்டிருக்கும் என்பார்கள். ஆத்திரத்தில் சர்வீஸ் பில்லைக் கட்ட மாட்டேன் என்று மல்லுக்கு நிற்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்துவைக்க 170ஆவது பிரிவு ஒர்க் ஷாப்புக்கு உரிமை தருகிறது. பில்லிலேயே 'முன் பம்பர் சேதம் குறித்த ஆட்சேபத்துடன் பணம் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு நகல் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவதே நல்லது. 'திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்ற கட்டத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். கேமரா பதிவுகளை அழிக்காமல் வைக்கும்படியும் அன்றே எழுத்தில் கேளுங்கள். நாளாக ஆகப் பழைய பதிவின் மேலேயே புதியது பதிந்துவிடும்.

திருட்டு என்றால் அன்றே போலீஸில் எஃப்.ஐ.ஆர்., அன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல். 'நாங்களே தேடித் தருகிறோம், போலீஸுக்குப் போக வேண்டாம்' என்று நிர்வாகம் கெஞ்சினால் கேட்காதீர்கள். வண்டி கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் சான்று வந்த பிறகே இன்சூரன்ஸ் பணம் வரும். அந்தக் கடிகாரம் எஃப்.ஐ.ஆரிலிருந்துதான் ஓடத் தொடங்கும். திருட்டில் இன்சூரன்ஸை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. முதலில் அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒர்க் ஷாப்பிடமிருந்தோ ஓட்டலிடமிருந்தோ அதை வசூலிப்பது, டெல்லி வழக்கில் நடந்ததுபோல, கம்பெனியின் வேலை. அந்த வழக்கில் உரிமையாளரின் அலைச்சலுக்கும் மனஉளைச்சலுக்கும் தனியாக 1 லட்சம் ரூபாய் தரும்படி மாநில ஆணையம் உத்தரவிட்டிருந்தது.

எழுதிக் கேட்டும் பதில் வரவில்லையென்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், ஒர்க் ஷாப் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். வக்கீல் வைப்பது கட்டாயமில்லை. சேவைக்காக நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. சர்வீஸ் பில் எதுவும் அந்த எல்லையைத் தாண்டப் போவதில்லை. சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பேசித் தீர்க்கலாம் என்று அவர்கள் நாளைக் கடத்தினாலும் அந்தக் கெடு தானாக நீளாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.